இழை: கொண்டைக்கடலையை எத்தனை மணி நேரம் வரை ஊறவைக்கலாம்? ஊறினால் ஏன் சீக்கிரம் வேகிறது?

வைகைக்கரை மீனா (மதுரை)

நவராத்திரி ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் சுண்டல் உண்டு. வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தைய இரவு ஒன்பது மணிக்கு ஊறவைத்து, மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வேகவைப்பதுதான் எங்கள் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். கணக்குப் பார்த்தால் அது பதினெட்டு மணி நேரம் வருகிறது. மார்கழி மாதத்தில் இதே கணக்கில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் புரட்டாசி வெயிலில் ஊறல் நீரின் மேல் நுரை படர்ந்து, பாத்திரத்தைத் திறந்ததும் புளித்த மாவின் வாடை அடிக்கிறது. அதைவிட எனக்கு விளங்காதது என்னவென்றால், அவ்வளவு நேரம் ஊறிய கடலை வெந்த பிறகும் தோல் விறைப்பாகவே இருக்கிறது என்பதுதான்.

ஆகவே என் கேள்விகள் இரண்டு. ஊறவைப்பதால் வேகும் நேரம் குறைவது எதனால்? எத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் அந்த ஊறலே கெடுதலாக மாறுகிறது? இவ்வாண்டு ஒருநாள் அறுபது பேருக்குச் சுண்டல் செய்யவேண்டியிருக்கிறது என்பதால் முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன்.

கணக்கர் கோபால் (சேலம்)

ஊறவைப்பதே குக்கர் இல்லாத காலத்து வழக்கம் என்பது என் கருத்து. குளிர்ந்த நீரைவிடக் கொதிநீர் கடலைக்குள் பல மடங்கு வேகமாகப் புகும். அப்படியிருக்க, கொதிநீர் அரை மணியில் செய்யும் வேலையை இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரை வைத்துச் செய்வது எதற்கு? நான் ஊறவைக்காத கடலையை நேரே குக்கரில் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு, முக்கால் மணி நேரம் சிறுதீயில் வைத்து இறக்குகிறேன். கடலை வெந்துவிடுகிறது. வாடையும் இல்லை, நுரையும் இல்லை.

பழைய ஆய்வுக்கூடத்தார் (கோயம்புத்தூர்)

கோபால் அவர்கள் சொல்வதில் முதற்பாதி சரியானதே. சூடு ஏற ஏற நீர் உள்ளே புகும் வேகமும் ஏறுகிறது. ஆனால் வேகுதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் செயலுக்குள் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் மீனா அவர்களின் முதற்கேள்விக்கு விடை கிடைக்கும்.

காய்ந்த கொண்டைக்கடலையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் ஈரம் இருக்கும். அந்த நிலையில் அதை எவ்வளவு சூடாக்கினாலும் அது வறுபடுமே தவிர வேகாது. உள்ளிருக்கும் மாவுப்பொருள் குழைய வேண்டுமானால் அதைச் சுற்றி நீர் இருந்தாக வேண்டும். ஆகவே விதையின் நடுப்பகுதி வரை நீர் போய்ச் சேர்வது முதல் வேலை. இரண்டாவது வேலை, விதையின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை கரைவது. செங்கற்களுக்கு நடுவே சாந்து இருப்பதைப் போல அது இருக்கிறது. அது கரைந்து அறைகள் தனித்தனியாக விலகும்போதுதான் கடலை விரலுக்கு நடுவே மசிகிறது. இந்தக் கரைதலுக்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும், அதோடு அங்கே நீரும் வேண்டும்.

முதல் வேலைக்கு அடுப்பு தேவையில்லை, நேரம் மட்டுமே தேவை. கடலையின் மூக்குக்கு அருகே, அது காயோடு ஒட்டியிருந்த வடுவை ஒட்டிய நுண்துளை வழியாக நீர் முதலில் புகுகிறது. பிறகு தோல் சுருங்கிச் சுருங்கி, எல்லாப் பக்கத்திலிருந்தும் மெல்ல உட்செல்கிறது. நம் ஊர் அறைவெப்பத்தில், அதாவது முப்பது டிகிரியை ஒட்டிய சூட்டில், வெள்ளைக் கடலை முதல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே குடிக்கவேண்டிய நீரில் பாதிக்கு மேல் குடித்துவிடும்; ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நிறைந்துவிடும். 250 கிராம் கடலை அப்போது 500 கிராமை ஒட்டி நிற்கும். அதற்குமேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் எடை குறிப்பிடும்படி ஏறாது. ஊறவைத்த கடலை திறந்த பாத்திரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணியில் வெந்துவிட, ஊறாத கடலை இரண்டு மணி, மூன்று மணி என்று இழுப்பதற்குக் காரணம், பின்னது இரண்டு வேலைகளையும் அடுப்பின் மேலேயே செய்துமுடிக்கவேண்டியிருப்பதுதான்.

நேரே குக்கரில் போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூடு நடுப்பகுதிக்குச் சில நிமிடங்களில் போய்விடும், நீர் அவ்வளவு விரைவாகப் போகாது. ஆகவே வெளிப்புறம் வெந்து குழையத் தொடங்கும்போது நடுவே இன்னும் காய்ந்தே இருக்கும். நடுப்பகுதி வேகும்வரை காத்திருந்தால் தோல் கழன்று, ஓரம் கரைந்து, குக்கரின் அடியில் கூழ் படியும். பிசைந்து அரைக்கப் போகிறவருக்கு இது குறையில்லை. முழுமுழுக் கடலையாக நிற்கவேண்டிய சுண்டலுக்கு இது குறைதான்.

கணக்கர் கோபால்

நான் குருமாவுக்குத்தான் கடலை வேகவைக்கிறேன், அதில் நாலு கடலை உடைந்தால் குழம்பு கெட்டியாகும், நல்லதுதான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இரவு மறந்துவிட்டவர்களுக்குக் கொதிநீரில் ஊறவைக்கும் முறை போதாதா? இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் ஊறிவிடுகிறதே.

பழைய ஆய்வுக்கூடத்தார்

போதும். அவசரத்துக்கு அது நல்ல முறைதான். மெல்ல ஊறிய கடலையைவிடத் தோல் சற்று அதிகமாகக் கிழியும் என்பதைத் தவிர அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தோட்டக்காரி செல்வி (தஞ்சாவூர்)

எனக்கும் இதே தொல்லைதான். இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீரிலேயே ஊறவைத்தும் கடலை முளைவிடவே இல்லை, வழுவழுவென்று ஆகிவிட்டது. பச்சைப்பயறு மட்டும் அழகாக முளைக்கிறது. எத்தனை மணி நேரம் ஊறவைத்தால் கொண்டைக்கடலை முளைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன்.

வைகைக்கரை மீனா

செல்வி, நான் கேட்டது வேகவைப்பதற்கான ஊறலைப் பற்றி. முளைகட்டுவது வேறு கணக்கு என்று நினைக்கிறேன்.

பழைய ஆய்வுக்கூடத்தார்

வேறு கணக்குதான், ஆனாலும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதால் சொல்லிவிடுகிறேன். நீர் நிறைந்தவுடன் விதை விழித்துக்கொண்டு மூச்சுவிடத் தொடங்குகிறது, அதற்குக் காற்று வேண்டும். தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தால் காற்றின்றி முளை திணறி இறந்துபோகும். அந்த இறந்த விதையிலிருந்தும் உடைந்த விதையிலிருந்தும் கசியும் சர்க்கரையைத் தின்றுதான் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. எட்டு மணி நேரத்தில் நீரை முழுவதும் வடித்து, ஈரத்துணியில் தளர்வாக முடிந்து, காலையும் மாலையும் ஒருமுறை அலசிவாருங்கள் செல்வி அம்மா, முளைக்கும்.

நீலமலை ராபர்ட் (உதகமண்டலம்)

எட்டு மணி நேரம் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எங்கள் ஊரில் இந்தப் பருவத்தில் இரவு வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். இரவு வைத்த கடலையைக் காலையில் கீறிப் பார்த்தால் நடுவில் வெளிறிய சுண்ணாம்புப் புள்ளிபோல ஒன்று மிஞ்சியிருக்கும். பதினாறு மணி நேரம் ஆனாலொழிய அது மறைவதில்லை. அவ்வளவு நேரம் வைத்தும் இதுவரை எனக்குப் புளித்த வாடை வந்ததில்லை.

மேலும், இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடுகிறது. ஆகவே திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேகவைப்பதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். குக்கர் இல்லையென்றால் சுண்டலே இல்லை.

பழைய ஆய்வுக்கூடத்தார்

ராபர்ட் அவர்கள் சொன்னதில் இரண்டாவது கேள்விக்கான விடையே அடங்கியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கடலையைக் கீறிப் பார்ப்பது நம்பகமானது. நாலைந்து கடலையை எடுத்துக் கத்தியால் நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெட்டிய முகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக இருந்தால் ஊறல் முடிந்துவிட்டது. நடுவில் வெளுப்போ, இரண்டு பருப்புக்கும் இடையே பள்ளமோ தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். மதுரையில் புரட்டாசியில் அது ஏழெட்டு மணி நேரம், உதகையில் அதைப்போல் இரண்டு மடங்கு, குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள். கறுப்புக் கொண்டைக்கடலைக்குத் தோல் தடிமன் என்பதால் எல்லாவற்றிலும் சில மணி நேரம் கூட்டிக்கொள்ளவேண்டும்.

ஊறல் முடிந்த பிறகும் நீரிலேயே கிடக்கும் நேரம் கடலைக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. அதுவரை நீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இனி கரையக்கூடிய சர்க்கரையும் உப்புகளும் வெளியே வருவதுதான் மிச்சம். அதில் ஒரு பங்கு, வயிற்றில் காற்றை உண்டாக்கும் சர்க்கரை வகை என்பதால் ஊறல் நீரைக் கொட்டிவிடுவது நல்லதே. ஆனால் அதே சர்க்கரைதான் கடலையின் தோலிலேயே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு. முப்பது டிகிரிக்கு மேல் அவை மிக விரைவாகப் பெருகி அமிலத்தைச் சுரக்கின்றன. மீனா அவர்களுக்கு வந்த புளித்த வாடை அதுதான். மார்கழிக்கும் புரட்டாசிக்கும் இடையே சில டிகிரிதான் வேறுபாடு என்றாலும், பதினெட்டு மணி நேரத்தில் அது பெரிய வேறுபாடாகிவிடுகிறது.

நுரையை மட்டும் கண்டு அஞ்சவேண்டாம். கடலையில் இயல்பாகவே நுரைக்கும் பொருள் ஒன்று உண்டு. கையால் அலசினால் புதுக்கடலையும் நுரைக்கும். யாரும் தொடாமலே அடியிலிருந்து குமிழ்கள் எழுவது, நீர் கலங்கி நூல்போல் இழுபடுவது, கடலையை விரலால் தேய்த்தால் வழுக்குவது, வாடை வீசுவது ஆகியவைதான் கெட்டதற்கான அறிகுறிகள். நீர் மட்டும் லேசாகப் புளித்து, அலசியபின் கடலையில் வாடை இல்லையென்றால் நான் உடனே வேகவைத்துவிடுவேன். கடலையே வழுக்கினால், அல்லது அலசியும் வாடை போகாவிட்டால் கொட்டிவிடுவேன். கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடுமே என்று சிலர் சொல்வது போதாது. பேசில்லஸ் செரியஸ் போன்ற சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியைத் தாங்கக்கூடியவை, அது உண்டாக்கும் நஞ்சு வகைகளில் ஒன்று கொதித்தாலும் அழிவதில்லை.

பந்தி பரமசிவம் (திருநெல்வேலி)

நான் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவன். ஐயா சொல்வது வீட்டுச் சமையலுக்குச் சரியாக இருக்கலாம். நாங்கள் இருபத்தைந்து கிலோக் கடலையை அண்டாவில் ஊறவைத்து இருபது மணி நேரம் கழித்துக்கூட அடுப்பேற்றியிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் மாற்றிவிடுவோம், அண்டாவை வெறும் தரையில் நிழலில் வைப்போம். தண்ணீர் மாற்றாமல் விட்ட அண்டாவின் நடுவே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் கடலை ஆகாது என்பதை எங்கள் ஆட்களே சொல்லிவிடுவார்கள்.

தோல் விறைப்புக்கு மருந்து ஆப்பச் சோடாதான். கால் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி ஊறல் நீரிலேயே போட்டுவிட்டால் எந்தக் கடலையும் மசியும்.

பழைய ஆய்வுக்கூடத்தார்

நீர் மாற்றினால் அமிலமும் சர்க்கரையும் பெருமளவு வெளியேறிவிடும், நீரும் குளிர்ந்துவிடும் என்பதால் நேரம் நீள்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதுரை வெயிலில் இருபது மணி நேரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சோடாவைப் பற்றிச் சொன்னது சரி. காரத்தன்மையில் அந்தப் பசை விரைவாகக் கரைகிறது. அரைத் தேக்கரண்டியைத் தாண்டினால் சவர்க்காரச் சுவை தட்டும், தயமின் என்ற உயிர்ச்சத்தும் குறையும். ஊறல் நீரைக் கொட்டி அலசிவிட்டு வேகவைப்பது நல்லது. சுண்டலுக்குச் சோடாவைவிட உப்பை விரும்புகிறேன். ஒரு லிட்டர் ஊறல் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்புப் போட்டால், உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை மென்மையாக்கும், கடலையும் உடையாது.

பந்தி பரமசிவம்

உப்பை முதலிலேயே போட்டால் கடலை வேகாது என்றல்லவா என் அப்பா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம்? நான் வெந்த பிறகுதான் உப்புப் போடுவேன், அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

வைகைக்கரை மீனா

உப்பைப் பற்றிய வாக்குவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதிக நேரம் ஊறியும் என் கடலை விறைத்தது ஏன் என்பதற்கு இன்னும் விடை வரவில்லையே? எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விழும்.

பழைய ஆய்வுக்கூடத்தார்

அப்படியானால் ஐயத்துக்குரியவை மூன்று. ஒன்று, புளிப்பு. அமிலம் இருக்கும் இடத்தில் அந்தப் பசை கரையத் தயங்குகிறது. வேகாத கடலையில் புளியோ தக்காளியோ சேர்க்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஊறல் புளித்துவிட்டால் நீரைக் கொட்டினாலும் கடலைக்குள் சிறிது அமிலம் தங்கிவிடும். இரண்டு, உங்கள் கிணற்று நீர். அதிலுள்ள கால்சியம் பசையை இறுக்குகிறது; அதிக நேரம் அந்த நீரிலேயே கிடந்தால் அதிகக் கால்சியம் தோலில் ஏறும். மூன்று, பழைய சரக்கு. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த கடலை, நீரைக் குடித்து நன்றாகப் பருத்தாலும் வேக மறுக்கும். இதற்கு ஊறல் நேரத்தால் மருந்து இல்லை.

எது என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல இயலாது. ஒரே பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடியைக் கிணற்று நீரிலும் இன்னொரு கைப்பிடியைச் சுத்திகரித்த குடிநீரிலும் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தந்த நீரிலேயே தனித்தனிக் கிண்ணத்தில் ஒரே குக்கருக்குள் வேகவையுங்கள். குடிநீர்க் கடலை மட்டும் மசிந்தால் குற்றம் நீரினுடையது. இரண்டும் மசிந்தால் உங்கள் பதினெட்டு மணி நேரப் புளிப்பைத்தான் ஐயப்படவேண்டும். இரண்டும் விறைத்தால் கடையை மாற்றிப் பாருங்கள்.

வைகைக்கரை மீனா

இன்று செய்து பார்த்தேன். குடிநீரில் ஊறியது விரலால் அழுத்தியதும் மசிந்தது. கிணற்று நீரில் ஊறியது வெந்துவிட்டது என்றாலும் தோல் பற்களில் தட்டுப்படுகிறது, ஆனால் சென்ற ஆண்டு இருந்த அளவுக்கு விறைப்பில்லை. ஆகவே நீரும் ஒரு காரணம், புளிப்பும் ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அறுபது பேருக்கு இரண்டு கிலோக் கடலை போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன். ஊறி வெந்தால் நாலு கிலோவுக்குமேல் வரும், ஆளுக்கு ஒரு சிறு தொன்னை. பிற்பகல் மூன்று மணிக்கு அடுப்பேற்றவேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஊறவைப்பது அன்றைக்கு இயலாது.

பழைய ஆய்வுக்கூடத்தார்

அப்படி எடுத்துக்கொள்ளலாம், உறுதியாகச் சொல்லவேண்டுமானால் குடிநீரில் பதினெட்டு மணி நேரம் ஊறிய ஒரு கைப்பிடியையும் சோதித்திருக்கவேண்டும்.

ஐந்து மணிக்கு எழவேண்டியதில்லை. முந்தைய இரவு பத்து மணிக்கு இரண்டு கிலோவுக்கு ஆறு லிட்டர் குடிநீர் விட்டு, பாதிக்குமேல் நிரம்பாத அகன்ற பாத்திரத்தில் ஊறவையுங்கள். காலை ஆறரைக்கு நாலு கடலையைக் கீறிப் பார்த்து, நடுப்புள்ளி இல்லையென்றால் நீரை முழுவதும் வடித்து, ஒருமுறை அலசி, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஊறியது ஊறியபடியே மூன்று மணி வரை நிற்கும். பிறகு புதிய குடிநீரில் வேகவையுங்கள். குக்கரை மூன்றில் ஒரு பங்குக்குமேல் கடலையால் நிரப்பாமல், முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்துப் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். உடனே ஆவியை வெளியேற்றினால் உள்ளிருக்கும் நீர் சட்டென்று கொதித்துத் தோல் கிழியும்.

நீலமலை ராபர்ட்

குளிர்பதனப் பெட்டியில் இடமில்லாதவர்கள் என்ன செய்வது? இரண்டு கிலோ ஊறினால் பெரிய பாத்திரம் ஆகுமே.

பந்தி பரமசிவம்

வடித்த கடலையை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, ஈரத்துணி போர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நண்பகலில் ஒருமுறை அலசி மறுபடி பரப்பினால் மூன்று மணி வரை ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு கடலையில் மூக்கருகே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும், அதனால் சுண்டலுக்குக் குறையில்லை.

தோட்டக்காரி செல்வி

அப்படியானால் நான் அவரிடமிருந்துதான் முளைகட்டக் கற்றுக்கொள்ளவேண்டும்போல் இருக்கிறது. நேற்று வடித்துத் துணியில் முடிந்த கடலையில் இன்று காலை பாதிக்கு மேல் முளை தெரிகிறது; மீதியை இன்னும் ஒரு நாள் விட்டுவைப்பதா, அப்படியே சமைத்துவிடுவதா?